சப்ளையர் பரிசு தருகிறார், மேனேஜர் கண்டுகொள்ளாதே என்கிறார்: பர்ச்சேஸ் ஊழியருக்கு ஒரு வழிகாட்டி

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளில் இருபது வருடத்துக்கு மேல் பர்ச்சேஸ் வேலை பார்த்தவன் நான். தோல், கெமிக்கல், சோல், நூல், அட்டைப்பெட்டி என்று எல்லாம் வாங்கியிருக்கிறேன். இந்த வேலையில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு ரேட் பேசவும் பர்ச்சேஸ் ஆர்டர் என்கிற பிஓ போடவும் சொல்லித்தர ஆள் உண்டு. தீபாவளிக்கு வீடு தேடி வருகிற வெள்ளி விளக்கை என்ன செய்வது, “நீ கண்டுக்காத தம்பி” என்று மேனேஜர் சொன்னால் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தர யாரும் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு பொருளை வைத்துச் சொல்கிறேன்: ஏற்றுமதிக்குப் போகும் ஐந்து ப்ளை அட்டைப்பெட்டி. ஷூ கம்பெனியில் எல்லாரும் தோலைத்தான் கவனிப்பார்கள், பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் விளையாட்டு அதிகம் நடக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. என்னோடு வேலை பார்த்த, ஆற்காடு பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனுக்கு நடந்ததைக் கூடவே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில்: அது எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கவரில் பணம் வைத்து யாரும் முதல் நாளே நீட்டமாட்டார்கள். அந்தப் பையனுக்கு ஆரம்பித்தது ஒரு பிரியாணிப் பொட்டலத்தில். பெட்டி லோடோடு வந்த ஆள், “ஆம்பூர் வழியா வந்தோம் சார், உங்களுக்கும் வாங்கிட்டோம்” என்று மேசையில் வைத்துவிட்டுப் போனான். அடுத்து ஆயுத பூஜைக்கு இனிப்பு, பிறகு தீபாவளிக்கு வெள்ளி விளக்கு. பையனின் தங்கை கல்யாணத்துக்கு சப்ளையரே நேரில் வந்து பத்தாயிரம் ரூபாய் மொய் வைத்தார். அம்மாவுக்கு வேலூரில் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும், “அட்வான்ஸ் கட்ட கஷ்டமா இருந்தா சொல்லுங்க சார், அப்புறமா குடுக்கலாம்” என்று போன் செய்தார்.

இதில் மொய்தான் நம்மை அதிகமாகக் குழப்பும். நம் ஊரில் மொய் என்பது மரியாதை, வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் மொய்க்கு ஒரு கணக்கும் உண்டு. நோட்டில் பெயர் எழுதி, அவர் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பி வைக்கவேண்டும். அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டுக் கல்யாணத்தில் என் சம்பளத்தில் இதே தொகையை என்னால் திருப்பி வைக்க முடியுமா? ஐநூறு, ஆயிரம் என்றால் முடியும், அது மொய்தான். பத்தாயிரத்தை முடியாது. பணமாகத் திருப்ப முடியாததை ரேட்டிலோ தரத்திலோதான் திருப்பிக் கேட்பார்கள். ஆபரேஷன் அட்வான்ஸ் அதைவிடக் கனமானது, அம்மா உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் வாழ்நாள் முழுக்க வாய் திறக்க முடியாது. அந்தக் கட்டத்தில் கம்பெனியில் சம்பள அட்வான்ஸ் கேளுங்கள், நகையை அடகு வையுங்கள், சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். சப்ளையரிடம் மட்டும் வாங்கவேண்டாம்.

திருப்பிக் கொடுக்கும் முறை

வந்த அன்றே, முடியாவிட்டால் மறுநாளுக்குள் திருப்பிவிடவேண்டும். ஒரு வாரம் வீட்டில் இருந்த வெள்ளி விளக்கை ஏற்றுக்கொண்ட விளக்காகத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டுப் போவது வழக்கமான தந்திரம். அதனால் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: “கம்பெனி பேரைச் சொல்லி யார் எது கொண்டு வந்தாலும், அவர் இல்லாமல் வாங்கமாட்டோம்னு சொல்லிடுங்க.”

திருப்பும்போது சப்ளையரை அவமானப்படுத்தவேண்டிய அவசியம் இல்லை. நாளைக்கும் அவரிடமிருந்தே லோடு வரவேண்டியிருக்கும். பையனுக்கு நான் எழுதிக்கொடுத்த வாட்ஸ்அப் செய்தி இதுதான்: “வணக்கம் சார். நேற்று வீட்டுக்கு அனுப்பிய விளக்கு வந்தது, நன்றி. பர்ச்சேஸில் இருப்பதால் நான் இதை வாங்கக்கூடாது. இன்று உங்கள் வண்டி டிரைவரிடம் பேக்கிங் பிரிக்காமல் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் ஒரு பதில் போடுங்கள்.” அந்தப் பதில்தான் உங்களுக்குச் சாட்சி. டிரைவரிடம் கொடுக்கும்போது கேட்டில் ரிட்டர்ன் என்று எழுதி, செக்யூரிட்டி ரிஜிஸ்டரில் வண்டி நம்பரோடு பதியச் சொல்லுங்கள்.

பணமாக வந்தால் தனியாகத் திருப்பாதீர்கள். சக ஊழியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எண்ணி, எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். யுபிஐயில் போட்டுவிட்டார்கள் என்றால், எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கே முழுத் தொகையையும் அனுப்பி, குறிப்பில் “திருப்பி அனுப்புகிறேன்” என்று எழுதுங்கள். “இந்த நம்பருக்கு வேண்டாம், வேற நம்பர் தரேன்” என்றால் கேட்காதீர்கள். வேறு ஆளுக்குப் போன பணத்தைத் திருப்பிய பணம் என்று பிறகு நிரூபிக்க முடியாது.

இனிப்பு, காலண்டர், டைரி போன்றவற்றுக்கு இவ்வளவு தேவையில்லை. இனிப்பை கேன்டீனில் வைத்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, மேனேஜருக்கும் எச்ஆருக்கும் ஒரு வரி மெயில் போட்டால் போதும். கம்பெனியில் பரிசு பற்றி எழுதிய விதி இருந்தால் அதன்படி நடங்கள்.

மேனேஜர் உங்களிடம் கேட்பது என்ன

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். “கண்டுக்காத”, “மேல எல்லாம் பேசியாச்சு”, “இந்த மாசம் மட்டும் அட்ஜஸ்ட் பண்ணு” என்பதெல்லாம் வாய்ப்பேச்சு, காகிதத்தில் இருக்காது. காகிதத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. மூன்று வருடம் கழித்து ஆடிட்டர் ஃபைலைத் திறந்தால், கொட்டேஷன்களை ஒப்பிட்டுப் போடும் கம்பேரிட்டிவ் ஷீட்டில் “தயாரித்தவர்” என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும். “மேனேஜர் சொன்னார்” என்பது எங்கேயும் இருக்காது.

அந்தக் கையெழுத்து பெரும்பாலும் மூன்று இடங்களில் தேவைப்படும். முதலாவது கொட்டேஷன் ஒப்பீடு. மூன்று கொட்டேஷன் இருக்கவேண்டும் என்பது விதி, ஆனால் மூன்றும் ஒரே வீட்டிலிருந்து வந்திருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து இருக்கும். முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த வியாபாரியின் பான் எண். இரண்டு கொட்டேஷனில் இந்தப் பத்தும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே ஆள். பான் வேறாக இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டு, சட்டப்படியான பெயரையும் பதிவான தேதியையும் பாருங்கள். நம் பிஓ தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பதிவாகி, சப்ளையரின் மைத்துனர் பெயரில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கொட்டேஷனில் ஒரே எழுத்துப் பிழை வருவதும் ஒரு தடயம்.

இரண்டாவது, பிஓவை உடைப்பது. மேனேஜரின் கையெழுத்து வரம்பு ஒரு லட்சம் என்றால், மூன்று லட்சத்துக்கான பெட்டியை நான்கு பிஓவாகப் போடச் சொல்வார். டைரக்டரிடம் போகாமல் இருக்கத்தான் அது. ஒரே வாரத்தில் ஒரே பொருளுக்கு ஒரே ஆளிடம் வரம்புக்குச் சற்றுக் கீழே நான்கு பிஓ என்றால் வேறு விளக்கம் கிடைப்பது கடினம்.

மூன்றாவது, சரக்கு வந்து இறங்கும்போது பெற்றுக்கொண்டதற்குப் போடும் ரசீதான ஜிஆர்என். விலையைக் கூட்டினால் கண்ணில் படும், தரத்தைக் குறைத்தால் படாது. ஆகவே பெரிய பணம் இங்கேதான் போகிறது.

பெட்டியை எடை போட்டுப் பாருங்கள்

பையனுடைய பிஓவில் பெட்டி அளவு 60 × 40 × 40 செ.மீ., ஐந்து ப்ளை, எல்லா அடுக்கும் 150 ஜிஎஸ்எம். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில். இந்தப் பெட்டி எவ்வளவு கனக்கவேண்டும் என்று நாமே கணக்கிடலாம்.

பெட்டியைப் பிரித்து விரித்தால் நீளம் சுமார் 204 செ.மீ., அகலம் 80 செ.மீ. இருக்கும், ஒட்டும் மடிப்பையும் சேர்த்து. அது 1.63 சதுர மீட்டர். ஐந்து அடுக்கில் மூன்று தட்டையானவை, இரண்டு அலைபோல் வளைந்தவை. வளைந்த காகிதம் அதிகம் பிடிக்கும், ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர். ஆக மூன்றோடு 2.8 சேர்த்து 5.8 அடுக்கு. 5.8-ஐ 150-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 870 கிராம், பெட்டிக்கு 1.42 கிலோ. பசைக்குக் கொஞ்சம் கூடும்.

ஸ்டோர்ஸில் இருந்த தராசில் வைத்தபோது வந்தது சராசரி 1.17 கிலோ. 120 ஜிஎஸ்எம் காகிதத்தில் செய்தால் 1.14 வரும், பசையோடு அதுதான் பொருந்துகிறது. பெட்டிக்கு ஏறக்குறைய 280 கிராம் காகிதம் குறைவு. மாதம் 6,000 பெட்டி என்றால் 1,680 கிலோ. காகிதம் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 67,000 ரூபாய்க்கு மேல். ஒரு வெள்ளி விளக்கும் ஒரு மொய்யும் எவ்வளவு மலிவு என்று அன்றைக்குத்தான் பையனுக்குப் புரிந்தது.

நஷ்டம் காகிதத்தோடு நிற்பதும் இல்லை. கன்டெய்னருக்குள் கடல் ஈரத்தில் அட்டை இளகும். அடியில் இருக்கும் பெட்டி மேலே அடுக்கிய பாரத்தைத் தாங்காமல் நசுங்கும், உள்ளே இருக்கும் ஷூ பெட்டிகளும் நசுங்கும். வெளிநாட்டு பையர் நஷ்டத்தை நம் கணக்கில் கழித்து டெபிட் நோட் அனுப்புவார். அப்போது விசாரணை ஜிஆர்என்னில் கையெழுத்துப் போட்டவரிடம்தான் தொடங்கும்.

எடை போடும்போது சில விஷயங்களைக் கவனிக்கவேண்டும். கட்டின் மேலே இருக்கும் பெட்டியை எடுக்காதீர்கள், நல்லதை மேலே வைப்பார்கள். வெவ்வேறு கட்டுகளின் நடுவிலிருந்து பத்துப் பெட்டி எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை ஈரம் இழுத்து எடை கூடும், அப்போது குறைந்த காகிதமும் சரியாக இருப்பது போலத் தெரியும். இரண்டு நாள் உலர்ந்த இடத்தில் வைத்துப் பிறகு எடை போடுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் 10 × 10 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, அடுக்குகளைத் தனித்தனியாகப் பிரித்து நன்றாகக் காயவையுங்கள். நகை எடை போடும் சின்னத் தராசில் தட்டையான அடுக்கு ஒன்று 1.5 கிராம் காட்டினால் 150 ஜிஎஸ்எம், 1.2 காட்டினால் 120.

எடை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஜிஎஸ்எம் சரியாக வைத்து, பலமுறை மறுசுழற்சி செய்த பலமில்லாத காகிதத்தையும் போடலாம். அதற்கு, எவ்வளவு அழுத்தத்தில் அட்டை கிழிகிறது என்று பார்க்கும் பர்ஸ்டிங் டெஸ்ட் வேண்டும், கம்பெனி லேபில் கருவி இல்லை என்றால் வெளியே அனுப்பவேண்டும். ஆனால் எடை குறைந்திருந்தால் அதற்குச் சாக்கு எதுவும் கிடையாது.

வாய்ப்பேச்சைக் காகிதத்துக்குக் கொண்டு வாருங்கள்

எடை குறைவு என்று பையன் போய்ச் சொன்னதும் மேனேஜர், “ரொம்ப நாளா இதே பெட்டிதான் வருது. ஜிஆர்என் போட்டு விடு” என்றார். இந்த இடத்தில் சண்டை போடவேண்டாம், “நீங்க பணம் வாங்கறீங்க” என்று சொல்லவே வேண்டாம். அது உங்களுக்குத் தெரியாது, நிரூபிக்கவும் முடியாது. உங்களுக்குத் தெரிந்தது எடை மட்டும். அதை மட்டும் எழுதுங்கள்.

அன்று மாலை அவன் அனுப்பிய மெயில்: “சார், இன்று வந்த 1,500 பெட்டியில் பத்துப் பெட்டியை ஸ்டோர்ஸ் தராசில் எடை போட்டோம். சராசரி 1.17 கிலோ. பிஓவில் உள்ள 150 ஜிஎஸ்எம் கணக்குப்படி 1.42 வரவேண்டும். நீங்கள் சொன்னபடி ஜிஆர்என் போடலாமா, அல்லது நிறுத்தி வைக்கலாமா என்று தெரிவிக்கவும்.” ஸ்டோர்ஸ் இன்சார்ஜுக்கும் குவாலிட்டிக்கும் நகல். குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை, ஒரு எண்ணும் ஒரு கேள்வியும்தான் இருக்கிறது. “போடு” என்று பதில் எழுதினால் முடிவு அவருடையது. பதிலே எழுதாமல் நேரில் கூப்பிட்டுத் திட்டினால், ஜிஆர்என் குறிப்பில் “எடை குறைவு, மெயில் பார்க்கவும்” என்று தேதியோடு எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குறிப்பு இல்லாத கையெழுத்து வேண்டாம். கம்பேரிட்டிவ் ஷீட்டிலும் இதேதான்: “கொட்டேஷன் 2, 3 ஒரே பான் எண்” என்று ஒரு வரி.

வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, நேரம், யார் என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று அன்றன்றே எழுதுங்கள். ஆனால் கம்பெனி ஃபைலை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள், ஆபீஸ் மெயிலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். விவகாரம் பெரிதானால், “ரகசியத்தைத் திருடினான்” என்று பிரச்சினையை உங்கள் பக்கம் திருப்ப அது ஒன்றே போதும். எந்த மெயில், எந்தத் தேதி, எந்த பிஓ எண் என்று நோட்டில் இருந்தாலே விசாரிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

யாரிடம் போவது

நம் பக்கத்துத் தோல், ஷூ கம்பெனிகள் பல குடும்பத்தாருடையவை. மேனேஜருக்கு மேலே இருப்பவர் முதலாளியின் மகனாகவோ தம்பியாகவோ இருப்பார். நேரே அவரிடம் போவதற்கு முன், மேனேஜர் அவருக்கு எவ்வளவு நெருக்கம் என்று யோசியுங்கள். பல நேரம் இன்டர்னல் ஆடிட்டர் வழியாகப் போவது நல்லது. பெட்டி எடை என்பது அவர் வேலைக்குள் வருகிற விஷயம், அவரே கண்டுபிடித்ததாக அறிக்கையில் எழுதலாம்.

பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனி, வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் உள்ள கம்பெனி ஆகியவற்றில், புகார் சொல்லும் ஊழியரைப் பாதுகாக்கும் ஏற்பாடு இருந்தாகவேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177-வது பிரிவும் அதன் விதிகளும் சொல்கின்றன. உங்கள் கம்பெனி அதில் வருகிறதா என்று எச்ஆரிடம் சாதாரணமாக விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு பிராண்டுக்குச் செய்கிற கம்பெனியாக இருந்தால், அந்த பிராண்டின் புகார் எண் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கலாம். அது பெரும்பாலும் சம்பளம், பாதுகாப்பு சம்பந்தமான புகாருக்கு வைத்தது, லஞ்சப் புகாரையும் சில பிராண்டுகள் எடுத்துக்கொள்ளும். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ஆர்டரே போனால் தையல் லைனில் இருக்கும் பெண்கள் எல்லாருக்கும் அடி விழும்.

பலர் “லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுதிப் போடலாமா” என்று கேட்கிறார்கள். 1988 ஊழல் தடுப்புச் சட்டம் அரசு ஊழியர்களையும் பொதுத்துறை ஊழியர்களையும் பற்றியது. தனியார் கம்பெனி மேனேஜர் தனியார் சப்ளையரிடம் வாங்குவது அதில் வராது. அது கம்பெனியை ஏமாற்றிய குற்றமாக, நம்பிக்கை மோசடியாக, பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் போலீசில் போகும். சாதாரணமாக அந்தப் புகாரைக் கம்பெனிதான் கொடுக்கும். நீங்கள் பொதுத்துறை நிறுவனத்தில் வேலை செய்தால் கதை வேறு. அங்கே விஜிலன்ஸ் அதிகாரி இருப்பார், ஊழல் தடுப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும், சின்னப் பரிசையும் கூடுதல் ஜாக்கிரதையோடு பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு

இதைப் படிக்கிறவர்களில் சிலர் வாங்கியிருப்பீர்கள். அந்தப் பையனும் மொய்ப் பணம் பத்தாயிரத்தை வாங்கித்தான் இருந்தான், கல்யாணச் செலவில் கரைந்தும் போயிருந்தது. “ஒருமுறை வாங்கிவிட்டேன், இனி வாய் திறக்க முடியாது” என்று அவன் இரண்டு வாரம் தூங்கவில்லை. சப்ளையர் நம்பியிருப்பதும் அந்த பயத்தைத்தான்.

அவன் ஆயிரம் ரூபாயை மொய்யாக வைத்துக்கொண்டு, மீதி ஒன்பதாயிரத்தை மூன்று மாதத் தவணையில் சப்ளையரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பினான், ஒவ்வொரு முறையும் குறிப்போடு. முதல் தவணை அன்றே எச்ஆருக்கும் எழுத்தில் சொல்லிவிட்டான். தானாக முன்வந்து சொன்னதால் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. லட்சக்கணக்கில் வாங்கியிருந்தால், அல்லது வாங்கிக்கொண்டு போலி ஜிஆர்என்னில் கையெழுத்துப் போட்டிருந்தால், எதையும் எழுதும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். எழுதிய பிறகு போனால் அவரால் செய்ய முடிவது குறைவு.

பையன் விவகாரம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். மெயிலுக்கு மேனேஜர் பதில் எழுதவில்லை. நகல் போன குவாலிட்டி ஆள் அடுத்த லோடில் தானே பத்துப் பெட்டி எடை போட்டார், அதுவும் குறைவு. மூன்றாவது லோடு திரும்பிப் போனது. அதற்கு அடுத்த லோடு 1.44 கிலோவில் வந்தது. மேனேஜர் அதே நாற்காலியில் இருந்தார். பையனைப் பர்ச்சேஸிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டார்கள், அந்த வருடம் இன்கிரிமென்ட் மற்றவர்களைவிடக் குறைவு. எட்டு மாதம் கழித்து வாலாஜா பக்கத்தில் வேறு கம்பெனியில் சேர்ந்தான். இன்டர்வியூவில் ஏன் மாறுகிறீர்கள் என்று கேட்டபோது, பெட்டி எடை போட்ட கதையை எண்ணோடு சொல்லியிருக்கிறான். அங்கே இன்றைக்கும் அட்டைப்பெட்டி பிஓவில் “ஒரு பெட்டி எடை, உலர்ந்த நிலையில், 1.40 கிலோவுக்குக் குறையக்கூடாது” என்று ஒரு வரி இருக்கிறது. அவன் சேர்த்த வரி.